அத்தியாயம் 7: ‘அஞ்சு நாள் ட்ரையல், சம்பளம் கிடையாது’

வாட்ஸ்அப்பில் வரும் செய்தி பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: “தம்பி, புரொஃபைல் செலக்ட் ஆயிடுச்சு. திங்கட்கிழமை காலை 6 மணிக்கு கேட்ல இருங்க. ஆதார் ஜெராக்ஸ், சேஃப்டி ஷூ எடுத்துட்டு வாங்க. அஞ்சு நாள் ட்ரையல், ட்ரையலுக்கு சம்பளம் கிடையாது. வேலை புடிச்சிருந்தா ஆஃபர் லெட்டர் தருவாங்க.”

முதல் வரியில் ‘செலக்ட்’ என்று இருக்கிறது, கடைசி வரியில் ‘புடிச்சிருந்தா’ என்று இருக்கிறது. நடுவில் ஐந்து ஷிஃப்ட் வேலை. மறைமலை நகர் சிட்கோ எஸ்டேட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வழியாக ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை போகும் சாலையின் இரு பக்கமும் வேலை தேடி அலைந்தவர்களுக்கு இந்தச் செய்தி புதிதல்ல. கேட்பது பெரிய கார் கம்பெனியாக இருக்காது. அதற்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்துகொடுக்கும் சின்ன வெண்டர்தான் பெரும்பாலும் கேட்பார். அவர் நேரில் கேட்பதும் இல்லை. ஒரு கன்சல்டன்சி மேடமோ லேபர் காண்ட்ராக்டரோ கேட்பார்.

இதற்கு என்ன பதில் எழுதுவது என்பதுதான் இந்த அத்தியாயம். நான் சில வருஷம் ஆள் எடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன். அதனால் அவர்கள் ஏன் கேட்கிறார்கள் என்பதும் எனக்குக் கொஞ்சம் தெரியும். நான் பார்த்த நாலைந்து பேரின் அனுபவத்தை ஒரே ஆள் மேல் ஏற்றிச் சொல்கிறேன். அவருக்கு 24 வயது. டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து, இரண்டு வருஷம் சி.என்.சி. டர்னிங் மெஷின் ஓட்டியவர். சிங்கப்பெருமாள் கோவிலில் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். மாதம் 18,000 ரூபாய் என்று சொல்லித்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

அந்த பீஸ் எங்கே போகிறது?

பதில் எழுதுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். அந்த ஐந்து நாளில் நீங்கள் செய்யும் பீஸ் எங்கே போகப்போகிறது?

வேலை தெரியுமா என்று பார்ப்பதற்கு இந்தத் தொழிலில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது. அதற்கு ட்ரேட் டெஸ்ட் என்று பெயர். டர்னர் என்றால் கையில் ஒரு டிராயிங்கையும் ஒரு துண்டு எம்.எஸ். ராடையும் கொடுப்பார்கள். டூல் ஆஃப்செட் எடுத்து, ஒர்க் ஜீரோ வைத்து, ஒரே ஒரு பீஸ் ஓட்டி, மைக்ரோமீட்டரில் அளந்து காட்ட வேண்டும். வெல்டர் என்றால் இரண்டு பிளேட்டைச் சேர்த்துப் பற்றவைத்துக் காட்டுவார், அதை வளைத்துப் பார்ப்பார்கள். குவாலிட்டி ஆள் என்றால் வெர்னியரும் ஹைட் கேஜும் கொடுத்து அளவெடுக்கச் சொல்வார்கள். ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம். செய்த துண்டு கடைசியில் ஸ்கிராப் தொட்டிக்குப் போகும்.

நல்ல சூப்பர்வைசருக்கு அந்த இரண்டு மணி நேரம்கூடத் தேவையில்லை. புரோகிராமை ஏற்றியதும் முதல் பீஸை சிங்கிள் பிளாக்கில் ஒவ்வொரு வரியாக ஓட்டிப் பார்க்கிறானா, ஃபீட் ஓவர்ரைடைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒரு விரலை ஃபீட் ஹோல்ட் பட்டன் பக்கத்தில் வைத்திருக்கிறானா, அல்லது கதவைச் சாத்தி நேராக சைக்கிள் ஸ்டார்ட் அழுத்துகிறானா என்று பதினைந்து நிமிஷம் பார்த்தாலே ஆள் யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஐந்து நாள் கழித்துப் புதிதாகத் தெரிந்துகொள்ள அதில் அதிகம் இல்லை.

இப்போது அந்த ஐந்து நாள் கணக்கைப் பாருங்கள். ஒரு சின்ன புஷ்ஷை ஓட்டி முடிக்க மூன்று நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர ஷிஃப்டில் சாப்பாடு, டீ போக ஏழு மணி நேரம் மெஷின் ஓடினால் 420 நிமிஷம், அதாவது 140 பீஸ். ஐந்து நாளில் 700 பீஸ். அந்த 700 பீஸும் ஸ்கிராப் தொட்டிக்குப் போவதில்லை. எண்ணி, எண்ணெய் தடவி, டிரேயில் அடுக்கி, இன்வாய்ஸ் போட்டு டிஸ்பாட்ச் ஆகும். வெண்டருக்கு அதற்குப் பணம் வரும்.

பீஸ் தொட்டிக்குப் போனால் அது டெஸ்ட். வண்டியில் ஏறினால் அது வேலை. ட்ரையல், ஆப்சர்வேஷன், ட்ரெயினிங், ‘சும்மா வந்து பாருங்க’ என்று எந்தப் பெயர் வைத்தாலும் அந்த பீஸ் ஏறிய வண்டி மாறப்போவதில்லை.

வெளிநாட்டிலும் கோடு ஏறக்குறைய இங்கேதான் விழுகிறது. திறமையைக் காட்டத் தேவையான நேரத்துக்கு மட்டுமே சம்பளமில்லாத ட்ரையல் இருக்கலாம், வேலையைப் பொறுத்து அது ஒரு மணி நேரத்திலிருந்து அதிகபட்சம் ஒரு ஷிஃப்ட் வரை என்கிறது ஆஸ்திரேலியாவின் ஃபேர் ஒர்க் அமைப்பு. ஒரு நாளைத் தாண்டினால் மிக அரிதான சூழல்களைத் தவிர குறைந்தபட்சக் கூலி தர வேண்டியிருக்கும் என்று பிரிட்டிஷ் அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது.

அவர்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அனுபவம் இருக்கிறது என்று வந்தவன் முதல் நாளே டரெட்டைக் கொண்டுபோய் சக்கில் மோதவிட்டால் வெண்டருக்குப் பெரிய செலவு. சேர்ந்த மூன்றாம் நாள் சொல்லாமல் ஊருக்குப் போய்விடுகிறவர்களும் உண்டு. ஆறு மணி ஷிஃப்டுக்குத் தொடர்ந்து வருவானா, நின்றுகொண்டே வேலை பார்ப்பானா என்பதை ட்ரேட் டெஸ்ட்டில் பார்க்க முடியாது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைப் பார்ப்பதற்காகத்தான் ப்ரொபேஷன் இருக்கிறது. ப்ரொபேஷன் என்பது வேலையில் சேர்த்து, சம்பளம் கொடுத்து, பிடிக்காவிட்டால் நிறுத்திக்கொள்ளும் காலம். ஆள் சரியில்லாமல் போனால் வரும் நஷ்டத்தை கம்பெனி தாங்க வேண்டிய காலம் அது. சம்பளமில்லாத ட்ரையல் அதே நஷ்டத்தை உங்கள் தலையில் வைக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். மாசக் கடைசியில் டிஸ்பாட்ச் நெருக்கும்போது மெஷினுக்கு ஆள் வேண்டும். அந்த வாரம் முடிந்தால் வேண்டாம். அது உங்களுக்கு நடக்கப்போகிறதா என்று அறிய, ஷிஃப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்று இரண்டு பேரிடம் கேளுங்கள்: “அண்ணே, போன மாசம் ட்ரையலுக்கு எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் இன்னும் இருக்காங்க?” ஒரு டீக்காசில் இதைவிட நல்ல விவரம் வேறெங்கும் கிடைக்காது.

விரல்

கூலியைப் பற்றிப் பேசும் முன் இதைப் பேச வேண்டும். சம்பளமில்லாத ட்ரையலில் போகும் காசு சில ஆயிரம். கை மாட்டினால் போவது வேறு.

இ.எஸ்.ஐ. திட்டத்தில் வேலையின்போது ஏற்படும் காயத்துக்கான உதவித்தொகைக்கு, இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும் பொருந்தும். ஆனால் அந்தத் திட்டம் கூலிக்கு வேலை செய்பவருக்கானது. உங்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல், ‘சம்பளம் வேண்டாம்’ என்று நீங்களே எழுதிக்கொடுத்தும் இருந்தால், விபத்தன்று உங்களை யார் என்று கேட்பார்கள்? “வேலை பார்க்க வந்தவரில்லை, சுற்றிப் பார்க்க வந்தவர்” என்று சொல்ல ஒரு விசிட்டர் பாஸ் போதும்.

இது வெறும் கற்பனைப் பயமில்லை. வாகன உதிரிபாகத் தொழிலில் விரல் நசுங்கியவர்களைப் பற்றி ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு 2019 முதல் ‘க்ரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவை முதலில் ஹரியானாவின் குருகிராம், மானேசர், ஃபரிதாபாத் பகுதிகளைப் பற்றியவை. காயம்பட்டவர்களில் பெரும்பாலானோருக்கு இ.எஸ்.ஐ. அட்டை கைக்கு வந்தது விபத்து நடந்த பிறகுதான் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வரும் விஷயம். சம்பளத்துக்குச் சேர்ந்தவர்களின் நிலையே அது. ட்ரையலுக்குப் போனவரின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். பவர் பிரஸ் ஷாப்பில் ஒரு மணி நேரம்கூடப் பதிவில்லாமல் கை வைக்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது என்று நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

சட்டத்தில் எங்கே நிற்கிறீர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் பதிலில் சட்டத்தை எடுக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் கால் ஊன்றி நிற்க இடம் தெரிந்திருக்க வேண்டும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளி யார் என்று சொல்லும்போது, ஊதியம் பெற்றோ பெறாமலோ உற்பத்தி வேலையில் இருப்பவர் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் பழைய சட்டங்களின் இடத்துக்கு வந்துவிட்டன. புதிய வரையறையில் அந்த ‘பெறாமலோ’ இல்லை. கூலிக்கு வேலை செய்பவர் என்றுதான் இருக்கிறது. கூடவே, வேலை நிபந்தனைகள் வெளிப்படையாகச் சொல்லப்பட்டிருந்தாலும் சொல்லாமலே புரிந்துகொள்ளப்பட்டிருந்தாலும் சரி என்ற சொற்களும் இருக்கின்றன. ஊழியருக்கு நியமனக் கடிதம் தர வேண்டும் என்பதையும் புதிய சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. தனக்குச் சட்டப்படி வர வேண்டிய கூலியை ஊழியர் விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது என்றும் ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று, டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது.

இதிலிருந்து நடைமுறைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்: நீங்கள் கூலிக்கு வந்தவரா, சும்மா வந்தவரா என்ற கேள்வி நாளைக்கு எழுந்தால், அதற்கான சாட்சி பெரும்பாலும் உங்கள் வாட்ஸ்அப்தான். ‘ஓகே மேடம்’ என்று ஒற்றை வார்த்தையில் அனுப்பினால் அவர்கள் போட்ட நிபந்தனை அப்படியே நிற்கும். கூலியைப் பற்றி ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தால் அந்த வரியும் பக்கத்தில் நிற்கும்.

பதில்

நம் ஆள் அனுப்பிய பதில் இது. இதை அப்படியே எடுத்து உங்கள் வேலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

“வணக்கம் மேடம். டர்னிங் வேலைக்குக் கூப்பிட்டதுக்கு நன்றி, எனக்கு இந்த வேலை வேணும். என் வேலையைப் பார்க்கணும்னா எந்த நாள் சொன்னாலும் வந்து ட்ரேட் டெஸ்ட் கொடுக்கிறேன். டிராயிங் கொடுத்தா செட்டிங் போட்டு ஒரு பீஸ் ஓட்டிக் காட்ட ரெண்டு மணி நேரம் போதும், அதுக்குக் காசு வேண்டாம். அஞ்சு நாள் ஷிஃப்ட்ல வச்சுப் பார்க்கணும்னு கம்பெனி நினைச்சா அதுக்கும் ரெடி. நீங்க சொன்ன 18,000 கணக்குல ஒரு நாளைக்கு 692 ரூபாய் வருது. முதல் நாளே ரிஜிஸ்டர்ல பேரும் இ.எஸ்.ஐ.யும் போட்டுட்டா திங்கட்கிழமையே வந்துடறேன். ரெண்டுல எது வசதின்னு கம்பெனில கேட்டுச் சொல்லுங்க மேடம்.”

இதில் ‘முடியாது’ என்ற சொல் இல்லை என்பதைக் கவனியுங்கள். அது பயத்தால் அல்ல. மேடத்தின் நிலை தெரிந்ததால். கன்சல்டன்சிக்கு ஆள் சேர்ந்தால்தான் கமிஷன், பல இடங்களில் சேர்ந்து சில மாதம் நின்றால்தான். நீங்கள் ஐந்து நாள் சும்மா உழைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் அவருக்கும் ஒரு பைசா வராது. ‘முடியாது’ என்றால் அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். கம்பெனியிடம் எடுத்துப் போக ஒரு வழி கொடுத்தால் எடுத்துப் போவார், அது அவருக்கும் லாபம். அதனால்தான் பதில் இரண்டு வழிகளைக் கொடுத்து, எது என்று கேட்டு முடிகிறது.

692 எப்படி வந்தது? மாதச் சம்பளத்தை 26 வேலை நாளால் வகுத்தால் வருவது: 18,000-ஐ 26-ஆல் வகுத்தால் 692 ரூபாய் சொச்சம். 30-ஆல் வகுக்காதீர்கள், அப்போது நீங்களே 92 ரூபாயைத் தள்ளுபடி செய்தவராகிறீர்கள். ஐந்து நாளுக்கு 3,460 ரூபாய். ஒரு தொகையை எழுதிவிட்டால் பேச்சு ‘கொடுக்கலாமா கூடாதா’ என்பதிலிருந்து ‘எவ்வளவு’ என்பதற்கு நகர்கிறது. ‘ஏதாவது பார்த்துக் கொடுங்க’ என்று எழுதினால் அது நகராது.

ரிஜிஸ்டர், இ.எஸ்.ஐ. என்ற இரண்டு சொல்லும் கட்டாயம் இருக்கட்டும். கூலியைப் பற்றிக் கம்பெனி பேரம் பேசலாம். ஆனால் ‘பேர் போட மாட்டோம்’ என்று எழுத்தில் யாரும் எழுத மாட்டார்கள். அவர்கள் எழுதத் தயங்குவதே உங்களுக்கு ஒரு விவரம்.

மேடம் எழுத்தில் பதில் தராமல் போன் பண்ணுவார். அதுதான் வழக்கம். பேசுங்கள், மரியாதையாகப் பேசுங்கள். வைத்த உடனே ஒரு செய்தி அனுப்புங்கள்: “மேடம், இப்ப பேசினதுல நான் புரிஞ்சுக்கிட்டது: செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு டெஸ்ட், ரெண்டு மணி நேரம், அதுக்கப்புறம் முடிவு சொல்வாங்க. சரிதானே?” அவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் பொம்மையை அனுப்பினாலும் போதும்.

அதற்கு வரும் பதில்கள்

“எல்லாரும் அப்படித்தான் தம்பி வர்றாங்க” என்பது முதலில் வரும். இதற்கு வாதம் வேண்டாம். “சரிங்க மேடம், டெஸ்ட்டுக்குக் கேட்டுப் பாருங்க, நான் ரெடி” என்று முதல் வழியையே இன்னொரு முறை சொல்லுங்கள். இரண்டாவது முறையும் அதே பதில் வந்தால் கம்பெனிக்கு வேண்டியது டர்னர் இல்லை, அந்த வாரத்துக்கு ஒரு கை.

“சேர்ந்தப்புறம் முதல் மாச சம்பளத்தோட சேர்த்துக் கொடுத்துடுவாங்க” என்பது இரண்டாவது. இது கேட்க இனிமையாக இருக்கும், பலர் இதில்தான் விழுகிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “சேர்க்கலைன்னா மேடம்?” சேர்க்காவிட்டாலும் அந்த நாட்களுக்குக் கூலி உண்டு என்று எழுத்தில் வந்தால் அது நியாயமான ஏற்பாடு, போகலாம். மௌனம் வந்தால் அந்த இனிப்பு வெறும் காகிதம்.

“இது ட்ரெயினிங், வேலை இல்ல” என்பது மூன்றாவது. பயிற்சிக்கும் முறையான பாதை இருக்கிறது. 1961-ஆம் ஆண்டின் அப்ரன்டிஸ் சட்டப்படி ஒப்பந்தம் போட்டு, அரசின் அப்ரன்டிஸ்ஷிப் தளத்தில் பதிந்து, மாத உதவித்தொகை தர வேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் படிப்பைப் பொறுத்து மாதம் 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச அளவாக வைத்தன. ‘அப்ரன்டிஸ் ஒப்பந்தம் போடுவீங்களா மேடம்?’ என்று கேளுங்கள். போடுவதாகச் சொன்னால் அது வேறு அத்தியாயம். இல்லையென்றால் அது ட்ரெயினிங் இல்லை. சொல்லப்போனால், இரண்டு வருஷம் மெஷின் ஓட்டியவருக்கு அதே மெஷினில் என்ன ட்ரெயினிங்? மறைமலை நகர் ஃபோர்டு ஆலை 2022-இல் உற்பத்தியை நிறுத்தியபோது வெளியே வந்தவர்களைப் போல நீண்ட அனுபவச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள், பழைய பே ஸ்லிப்பையும் சர்வீஸ் சான்றிதழையும் டெஸ்ட்டுக்கான பதிலோடு சேர்த்தே அனுப்பிவிடலாம். ஆளைப் பார்க்க ஐந்து நாள் வேண்டும் என்ற காரணம் அதிலேயே பாதி கரைந்துவிடும்.

டிசைன் வேலைக்காரர்களுக்கு இது வேறு உருவில் வரும். ‘வீட்டிலேயே ஒரு ஃபிக்ஸ்ச்சர் டிசைன் பண்ணி மூணு நாள்ல அனுப்புங்க’ என்பார்கள். டிராயிங்கின் மூலையில் உண்மையான வாடிக்கையாளரின் பார்ட் எண் இருந்தால் அது பரீட்சைக் கேள்வி இல்லை. செய்ய நினைத்தால் யோசனையை மட்டும் காட்டும் பி.டி.எஃப். அனுப்புங்கள், அளவுகளோடு இருக்கும் மாடல் ஃபைலை அனுப்பாதீர்கள்.

நம் ஆளுக்கு இரண்டு நாள் எந்தப் பதிலும் இல்லை. மூன்றாம் நாள் மேடம் கூப்பிட்டு, கம்பெனி டெஸ்ட்டுக்கு ஒத்துக்கொண்டதாகவும் ஆனால் அரை நாள் ஆகும் என்றும் சொன்னார். போனார். நான்கு மணி நேரம் நின்றார். ஒரு பீஸ் ஓட்டிக் காட்டியதும் ‘இன்னும் பத்து ஓட்டுப்பா’ என்றார் சூப்பர்வைசர். அந்தப் பத்தும் டிரேயில் போனதா தொட்டியில் போனதா என்று அவர் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டார். பத்து பீஸுக்காக வேலையை விடச் சொல்ல எனக்கும் மனம் வராது.

போயே ஆக வேண்டும் என்றால்

ரூம் வாடகை பாக்கி, வீட்டில் பணம் கேட்க முடியாது, வேறு கூப்பிடல் எதுவும் இல்லை. அப்படி ஒரு நிலையில் போகாதே என்று புத்தகத்தில் எழுதுவது சுலபம். போவதென்றால், சம்பளமில்லாமல் ஒரு நாள்தான் என்று நீங்களே எல்லை வைத்துக்கொண்டு அதை எழுதி அனுப்புங்கள்: “மேடம், நாளைக்கு ஒரு ஷிஃப்ட் வந்து காட்டுறேன். அதுக்கு மேல வர்றதா இருந்தா நாள் கூலிக்கு வர்றேன்.” பிரஸ்ஸும் நைட் ஷிஃப்டும் வேண்டாம்.

பெரும்பாலான ஆலைகளில் போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், அல்லது கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். உள்ளே படம் எடுத்துச் சாட்சி சேர்ப்பது நடக்காது, செய்யவும் கூடாது. அதைவிட எளிய வழி இருக்கிறது. வெளியே வந்ததும் மேடத்துக்கே நன்றி சொல்வது போல ஒரு செய்தி: “மேடம், இன்னிக்கு 6 மணிக்கு உள்ளே போனேன், 2.15-க்கு வெளியே வந்தேன். மூணாம் நம்பர் மெஷின்ல 138 பீஸ் ஓட்டினேன், சூப்பர்வைசர் சார் நல்லாருக்குன்னு சொன்னார்.” தேதி, நேரம், எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்கின்றன. அவர் ‘சூப்பர் தம்பி’ என்று பதில் போட்டால், அதுவே ஒரு ரசீது.

ஐந்து நாளும் ஏற்கெனவே உழைத்து முடித்து, அதன்பின் போனை எடுக்காமல் விட்டார்களா? அப்போது பதிலின் தொனி மாறும். கெஞ்சலும் வேண்டாம், திட்டும் வேண்டாம்: “மேடம், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அஞ்சு ஷிஃப்ட் வேலை செஞ்சேன். ஒரு நாளைக்கு 692 வீதம் 3,460 ரூபாய் வரணும். பத்து நாளுக்குள்ள என் அக்கவுண்டுக்குப் போடச் சொல்லுங்க. இல்லைன்னா தொழிலாளர் துறையில மனு கொடுக்க வேண்டியிருக்கும்.” இதன் நகலைக் கம்பெனியின் மெயிலுக்கும் அனுப்புங்கள். கன்சல்டன்சிக்கு அனுப்பினால் மட்டும் போதாது.

மனு கொடுக்கும்போது இந்தப் பகுதியில் ஒரு குழப்பம் வரும். மறைமலை நகர் 2019-இல் பிரிந்த செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கின்றன. நீங்கள் சிங்கப்பெருமாள் கோவிலில் தங்கி ஒரகடத்தில் வேலை செய்திருந்தால், பார்க்க வேண்டியது காஞ்சிபுரம் பக்கத்து அலுவலகத்தை. ஆலை இருக்கும் இடம்தான் கணக்கு. கூலிப் பாக்கிக்குத் தொழிலாளர் துறை. பதிவேட்டில் பெயரில்லாமல் மெஷினில் நிற்க வைத்தது, பாதுகாப்பு சரியில்லாதது பற்றியென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். புதிய ஊதியச் சட்டப்படி பாக்கிக்கு உரிமை கோர மூன்று வருஷம் வரை நேரம் இருக்கிறது. ஆனால் மேடம் நம்பரை மாற்றிவிடுவதற்கு அவ்வளவு நாள் ஆகாது. அதனால் வாட்ஸ்அப் உரையாடலை இன்றே எக்ஸ்போர்ட் செய்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவில் எதிர்த்தரப்பாக யாரை எழுதுவது என்பதில்தான் பல மனுக்கள் நொண்டுகின்றன. கேட்டில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயர் ஒன்று, பில் போடும் கம்பெனி இன்னொன்று, ஆள் அனுப்பிய காண்ட்ராக்டர் மூன்றாவது. முதல் நாள் உள்ளே போகும்போதே கேட் பக்கத்துப் பலகையில் இருக்கும் முழுப் பெயரையும் பிளாட் எண்ணையும், செக்யூரிட்டி கொடுத்த பாஸில் அச்சடித்திருக்கும் பெயரையும் மனதில் வாங்கி, வெளியே வந்ததும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பெயரும் தெரிந்தால் மூன்றையும் மனுவில் போடுங்கள்.